லோகோவின் நிறத்தை ஐட்ராப்பரால் சரியாக எடுப்பதும், நிறம் மாற்றும்போது பிசகாமல் காப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே பச்சைதான். ஆனால் ஐட்ராப்பரை வைக்கும் ஒவ்வொரு இடத்திலும் வேறு வேறு குறியீடு வருகிறது. எதை எடுத்துக்கொள்வது?

எடுத்துக்காட்டு ஒன்றை வைத்துக்கொண்டால் எல்லாப் பதில்களும் எளிதாக விளங்கும். குன்னூர்ப் பக்கத்தில் உள்ள ஒரு சிறு தேயிலைத் தொழிற்சாலையின் லோகோ என்று கொள்வோம். இரண்டு இலையும் ஒரு மொட்டும் அடர்பச்சையில் இருக்கின்றன, அவற்றின் அடியில் மலைமுகடு போல வளைந்த ஒரு பொன்னிறப் பட்டை இலையைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது, பின்னணி வெள்ளை. பச்சையின் குறியீடு `#1B5E3A`, பொன்னிறத்தின் குறியீடு `#E0A526`. நிழலோ சாயல் மாற்றமோ இல்லாத தட்டையான லோகோ இது.

இதைத் திரையில் 800 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். இலையின் உட்பகுதி ஒரே நிறமாக இருக்கும். ஓரத்தில் மட்டும் வெளிறிய பச்சைக் கட்டங்கள் ஒரு வரிசையாக நிற்கும். வளைவு படிக்கட்டு போலத் தெரியாமல் இருப்பதற்காக மென்பொருளே பச்சையையும் வெள்ளையையும் கலந்து வைத்த பிக்சல்கள் அவை. ஒரு பிக்சலில் பாதி இலை, பாதி பின்னணி விழுந்தால் அதன் எண் ஏறக்குறைய `#8DAF9D` ஆகிவிடும். ஐட்ராப்பர் தான் நிற்கும் பிக்சலில் என்ன எண் இருக்கிறதோ அதைத்தான் சொல்லும். அது லோகோவின் நிறமா, ஓரத்துக் கலவையா என்பது அதற்குத் தெரியாது.

ஆகவே நிறத்தை எப்போதும் வடிவத்தின் மிக அகலமான பகுதியில், ஓரத்திலிருந்து நன்றாக உள்ளே தள்ளி எடுக்க வேண்டும். மொட்டின் நுனி, எழுத்துகளின் மெல்லிய கால், இலை நரம்பு ஆகியவற்றில் எடுக்கவே கூடாது. சிறிய படத்தில் அந்த இடங்கள் முழுவதும் கலவையாகவே இருக்கக்கூடும். கருவியின் அமைப்பையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். போட்டோஷாப்பில் `Sample Size` என்பது `Point Sample` ஆக இருக்க வேண்டும். கிம்பில் `Sample average` அணைந்திருக்க வேண்டும். அது `5 by 5 Average` போன்ற சராசரியில் இருந்தால், நீங்கள் சரியான பிக்சலில் வைத்தாலும் அக்கம்பக்கத்து ஓரப் பிக்சல்களும் கணக்கில் சேர்ந்துவிடும்.

அண்ணா, கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் மட்டும்தான் இருக்கிறது. உட்பகுதியில் எடுத்தாலும் எண் ஆடுகிறதே?

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அது ஜேபெக்காகச் சுருக்கப்படுகிறது. ஜேபெக் படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. வெளிச்ச வேறுபாட்டை ஓரளவு நன்றாகவும், நிற வேறுபாட்டை அதைவிடக் குறைவாகவும் காப்பாற்றுகிறது. பெரும்பாலும் நிறத் தகவல் அகலத்திலும் உயரத்திலும் பாதியாகக் குறைக்கப்பட்டு, நான்கு பிக்சலுக்கு ஒரு நிறம் என்ற கணக்கில் சேமிக்கப்படும். அதனால் நிறத்தைப் பொறுத்தவரை ஒரு கட்டம் 16×16 பிக்சல் பரப்பளவு கொண்டதாகிவிடுகிறது. அந்தப் பரப்புக்குள் ஓர் ஓரம் வந்துவிட்டால், அதன் தாக்கம் கட்டம் முழுவதும் பரவும். இலையைச் சுற்றி அழுக்கு போலத் தெரியும் புள்ளிகளும் இப்படி வருபவைதான்.

இதிலிருந்தே வழியும் கிடைக்கிறது. எந்த ஓரத்திலிருந்தும் குறைந்தது 16 பிக்சல், முடிந்தால் அதற்கும் மேல் தள்ளியிருக்கும் இடங்களாகத் தேடி, நான்கைந்து இடங்களில் எண்ணை எடுத்து எழுதிக்கொள்ளுங்கள். `#1C5E3B`, `#1B5E3A`, `#1A5F39`, `#1B5E3A` என்று வந்தால் அடிக்கடி வருவதையும் நடுவில் நிற்பதையும் எடுத்துக்கொள்ளலாம். அப்போதும் உண்மையான குறியீட்டிலிருந்து ஒன்றிரண்டு எண் தள்ளியிருக்க வாய்ப்புண்டு. சுருக்கும்போது எண்கள் முழுமைப்படுத்தப்படுவதால் அதை ஐட்ராப்பரால் திரும்பக் கொண்டுவர முடியாது. அப்படி எடுத்த நிறத்தைத் தற்காலிகமானது என்று குறித்துவைத்துக்கொண்டு, அதே படத்தை `Document` ஆக அனுப்பும்படி கடைக்காரரிடம் கேளுங்கள். ஆவணமாக அனுப்பினால் கோப்பு சுருக்கப்படாமல் அப்படியே வந்து சேரும். முதன்முதலில் லோகோவை வரைந்தவரிடம் எஸ்விஜியோ, இல்லஸ்ட்ரேட்டரின் ஏஐ கோப்போ, பிடிஎஃப்போ இருக்கிறதா என்று விசாரிப்பதை நான் எப்போதும் வற்புறுத்துவேன். மலை மேலுள்ள பல கடைகளின் லோகோக்கள் கோயம்புத்தூரிலோ சிவகாசியிலோ உள்ள அச்சகத்தில் முதலில் வரையப்பட்டிருக்கும். பழைய பில்லில் இருக்கும் எண்ணுக்குப் பேசினாலே மூலக் கோப்பு கிடைத்துவிடுவதுண்டு.

தேயிலைப் பாக்கெட்டையோ கடைப் பலகையையோ போனில் படமெடுத்து, அதிலிருந்து நிறம் எடுக்கலாமா?

கூடாது. போட்டோவில் பதிவாவது மையின் நிறம் மட்டுமன்று. அதன்மேல் விழும் வெளிச்சமும், காமிரா தானாகச் செய்யும் வெள்ளைச் சமன்பாடும் சேர்ந்தே பதிவாகின்றன. மூடுபனி இறங்கிய காலையில் ஊட்டி கமர்ஷியல் ரோட்டில் எடுத்த பலகையும், அதே பலகையை மாலை வெயிலில் எடுத்ததும் இரண்டு பச்சைகளைத் தரும். ஸ்கேன் செய்தாலும் அச்சுப் புள்ளிகளைத்தான் ஐட்ராப்பர் படிக்கும். போட்டோவை நிறத்தின் குடும்பத்தைத் தெரிந்துகொள்ள மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்விஜி கோப்பே இருக்கிறது. ஆனால் ஐட்ராப்பர் `#497E61` என்கிறது, உரிமையாளர் தந்த தாளில் `#1B5E3A` என்று இருக்கிறது. யார் சொல்வது சரி?

இரண்டும் ஒரே நிறமாக இருக்கக்கூடும். அந்தப் பச்சைக்கு 80 சதவீத ஒப்பாசிட்டி, அதாவது ஊடுதெரியாத தன்மை, கொடுத்து வெள்ளைப் பின்னணியின்மேல் வைத்தால், கண்ணுக்கும் ஐட்ராப்பருக்கும் தெரிவது சரியாக `#497E61` தான். பின்னணியை மாற்றினால் அந்த எண்ணும் மாறிவிடும்; ஆகவே அதை லோகோவின் குறியீடாக எழுதிவைப்பது பெரிய தவறில் முடியும்.

எஸ்விஜி என்பது படிக்கக்கூடிய எழுத்துக் கோப்பு. ஆகவே அங்கே ஐட்ராப்பரே தேவையில்லை. கோப்பைச் சாதாரண எடிட்டரில் திறந்து நிறத்தை நேராகப் படித்துவிடலாம். இப்படி ஒரு வரி கண்ணில் படும்:

```
<path style="fill:#1b5e3a;fill-opacity:0.8" d="..."/>
```

இங்கே `fill` என்பதுதான் நிறம், `fill-opacity` தனி. சில கோப்புகளில் `opacity` என்று முழு வடிவத்துக்கோ குழுவுக்கோ கொடுக்கப்பட்டிருக்கும். அதையும் தேடிப் பாருங்கள். அடுத்து, உரிமையாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இந்த வெளிறல் வேண்டுமென்று செய்ததா, இல்லை யாரோ தவறுதலாக விட்டதா? வேண்டுமென்று செய்தது என்றால், வெளிறிய பச்சையைத் தனிக் குறியீடாகவே எழுதி ஒப்பாசிட்டியை நீக்கிவிடுவது நல்லது என்பது என் கருத்து. தட்டையான லோகோவில் ஊடுதெரியும் வடிவத்துக்கு வேலையே இல்லை.

இங்க்ஸ்கேப்பின் ஐட்ராப்பரை `D` விசையால் எடுத்தால், மேலே `Pick`, `Assign` என்ற இரண்டு பொத்தான்கள் தெரியும். அவை ஒப்பாசிட்டியையும் சேர்த்து எடுப்பதற்கும் கொடுப்பதற்கும் உரியவை. `Pick` அணைந்திருந்தால் கண்ணுக்குத் தெரியும் கலவை நிறமே வரும். அதே கருவியில் இழுத்தால் ஒரு வட்டம் விரிந்து அதற்குள் இருக்கும் பரப்பின் சராசரி வந்துவிடும். ஆகவே கை நடுங்காமல் ஒரே சொடுக்கில் எடுங்கள்.

நண்பர் மேக்கில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினார். சிவப்பு `#FF0000` ஆக இருக்க வேண்டியது `#EA3323` என்று வருகிறது. படம் கெட்டுவிட்டதா?

படம் கெடவில்லை, எண்ணை அளக்கும் அளவுகோல் மாறியிருக்கிறது. வழக்கமான இணைய நிறங்கள் எஸ்ஆர்ஜிபி என்ற நிறவெளியில் எழுதப்படுகின்றன. புதிய மேக் திரைகள் டிஸ்ப்ளே பி3 என்ற இன்னும் அகன்ற நிறவெளியைக் கொண்டவை; எஸ்ஆர்ஜிபியின் முழுச் சிவப்பை அந்த வெளியில் எழுதினால் 234, 51, 35 ஆகிறது. அதுதான் `#EA3323`. ஸ்கிரீன்ஷாட்டுக்குள், எண்கள் எந்த நிறவெளிக்குரியவை என்று சொல்லும் திரையின் புரொஃபைலும் சேர்ந்து வருவதால், கிம்ப் படத்தைத் திறக்கும்போதே மாற்றட்டுமா, வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கும். மாற்றச் சொல்லுங்கள். ஏற்கெனவே திறந்துவிட்டீர்கள் என்றால் `Image > Color Management > Convert to Color Profile` வழியாக எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிய பின் ஐட்ராப்பரை வையுங்கள். அருகிலேயே இருக்கும் `Assign Color Profile` என்பதைத் தொட வேண்டாம். அது எண்ணை அப்படியே விட்டு, நிறத்தை மாற்றிவிடும்.

மசாலா டீ பாக்கெட்டுக்காகப் பச்சையை அரக்குச் சிவப்பாக மாற்றினேன். பக்கெட் கருவியால் ஊற்றினேன், நிறம் சரியாகத்தான் விழுந்தது. ஆனால் சிவப்புக்கும் பொன்னிறத்துக்கும் நடுவில் பச்சை நூல் மாதிரி ஒரு கோடு நிற்கிறது. ஏன்?

முதல் கேள்வியில் பார்த்த ஓரப் பிக்சல்கள்தாம் இங்கேயும் காரணம். இலையும் பட்டையும் தொடும் இடத்தில் பச்சையும் பொன்னிறமும் பாதிக்குப் பாதி கலந்த பிக்சலின் எண் ஏறக்குறைய `#7E8230`, அதாவது ஒருவித ஆலிவ் பச்சை. நீங்கள் பக்கெட்டால் ஊற்றியபோது, பச்சைக்கு மிக அருகிலிருந்த பிக்சல்கள் மட்டும் மாறின. இந்த ஆலிவ் பிக்சல்கள் எட்ட நின்றதால் பழைய பச்சையின் பங்கைச் சுமந்தபடியே நின்றுவிட்டன. புதிய அரக்கு நிறம் `#7A2E1D` என்றால், அந்த இடத்தில் வந்திருக்க வேண்டிய கலவை `#AD6A22` அளவில் ஒரு செம்பழுப்பு. அது வராமல் ஆலிவ் நிற்பதைத்தான் உங்கள் கண் பச்சை நூலாகப் பார்க்கிறது. இலையின் வெள்ளை ஓரத்திலும் இதே போல வெளிறிய பச்சை மிச்சமிருக்கும். பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும்.

கருவியின் `Threshold` எண்ணை ஏற்றிப் பார்ப்பது பலருக்கு முதலில் தோன்றும் வழி. ஏற்றினால் ஆலிவ் பிக்சல்கள் முழு அரக்காக மாறிவிடும். நூல் மறையும், ஆனால் வளைவு கரடுமுரடாகி, இலை ஒரு பிக்சல் பருத்துப்போகும். நிறச்சாயலை நகர்த்தும் `Hue-Saturation` ஸ்லைடரும் இதற்குத் தீர்வாகாது: அது பொன்னிறத்தையும் சேர்த்து நகர்த்தும், நகர்த்தியது எந்தக் குறியீட்டில் போய் நிற்கும் என்பதும் உங்கள் கையில் இல்லை.

சரியான வழி, கலவை பிறப்பதற்கு முந்தைய நிலைக்குப் போய் அங்கே நிறத்தை மாற்றுவதுதான். எஸ்விஜி இருந்தால் வேலை எளிது. இங்க்ஸ்கேப்பில் ஒரு பச்சை வடிவத்தைத் தேர்ந்து, `Edit > Select Same > Fill Color` கொடுத்தால் அதே குறியீடுள்ள எல்லா வடிவங்களும் ஒன்றாகத் தேர்வாகும். பிறகு `Fill and Stroke` பலகையின் `RGBA` பெட்டியில் `7a2e1dff` என்று தட்டச்சு செய்யுங்கள். கடைசி இரண்டு எழுத்துகளான `ff` முழு ஒப்பாசிட்டியைக் குறிக்கும். ஏதாவது ஒரு வடிவம் பச்சையாகவே நின்றுவிட்டால், அதன் குறியீடு `#1b5e3b` போல ஓர் எண் தள்ளியிருக்கிறது என்று பொருள். யாரோ முன்பு ஐட்ராப்பரால் ஜேபெக் படத்திலிருந்து எடுத்து நிரப்பிய வடிவமாக இருக்கும். அதையும் இப்போதே சரிசெய்துவிடலாம்.

பிஎன்ஜி மட்டுமே இருந்தால், கிடைப்பதிலேயே பெரிய அளவுள்ள படத்தை எடுத்து இங்க்ஸ்கேப்பில் `Path > Trace Bitmap` செய்யுங்கள். பல நிறங்களுக்குரிய தாவலில் நிறங்களின் எண்ணிக்கையை மூன்றாக வைத்து, `Stack` என்பதை இயக்குங்கள். அது ஒரு வடிவத்தின்மேல் இன்னொரு வடிவத்தை அடுக்கும். கீழுள்ளது மேலுள்ளதன் அடியிலும் நீண்டிருப்பதால் இரண்டுக்கும் நடுவே வெள்ளைக் கீற்று விழாது. டிரேஸ் செய்து வரும் நிறங்கள் சராசரிகளே என்பதை மறந்துவிடக் கூடாது. பச்சை `#1e603d` என்றுகூட வரலாம். வடிவம் கிடைத்ததும் ஒவ்வொன்றுக்கும் உங்களிடமுள்ள உண்மையான குறியீட்டைத் தட்டச்சு செய்துவிட வேண்டும்.

துணிப்பைக்காக முழு லோகோவையும் வெள்ளையாக மாற்ற வேண்டும். பின்னணியை நீக்கிவிட்டு வெள்ளை நிரப்பினேன், ஆனால் வெள்ளை மங்கலாக இருக்கிறது.

நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருப்பதால் இந்தத் தேவை இங்கே அடிக்கடி வருகிறது. கிம்பின் `Color to Alpha` மூலம் வெள்ளையை நீக்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்தக் கருவி, பச்சைக்குள்ளும் கொஞ்சம் வெள்ளை இருப்பதாகக் கணக்கிடுகிறது. `#1B5E3A` இன் சிவப்புப் பங்கு 27. 255-லிருந்து அதைக் கழித்து 255-ஆல் வகுத்தால் 0.894. அதாவது இலையின் உட்பகுதியே 89 சதவீத ஒப்பாசிட்டியோடுதான் மிஞ்சுகிறது. அதில் வெள்ளையை நிரப்பினால் பையின் நிறம் ஊடே தெரியும்.

அந்தக் கருவியிலேயே `Opacity threshold` என்று ஒரு அமைப்பு உண்டு. அதன் பக்கத்திலுள்ள ஐட்ராப்பரை எடுத்து, லோகோவில் வெள்ளைக்கு மிக நெருக்கமான நிறத்தில், நம் எடுத்துக்காட்டில் பொன்னிறப் பட்டையின் நடுவில், சொடுக்குங்கள். அந்த நிறமும் அதைவிட அடர்ந்தவையும் முழுமையாக நிற்கும். ஓரப் பிக்சல்கள் மட்டும் படிப்படியாகக் கரையும். பிறகு லேயரின் `Lock alpha` பொத்தானை அழுத்தி, `Edit > Fill with FG Color` மூலம் வெள்ளையை நிரப்புங்கள். ஒரு நிறத்தில் இலையும் பட்டையும் ஒட்டி ஒரே உருண்டையாகிவிடும் என்பதால், இரண்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி விட்டு வரைந்த தனி வடிவம் இதற்குத் தேவைப்படும். அதை உரிமையாளரின் ஒப்புதலோடு செய்யுங்கள்.

கடையில் இரண்டு மூன்று பேர் மாறி மாறி வேலை செய்கிறோம். எல்லோரும் ஒரே குறியீட்டைப் பயன்படுத்த என்ன வழி?

ஒரு நிறத்தை ஒரே ஒரு முறைதான் ஐட்ராப்பரால் எடுக்க வேண்டும். அடுத்த முறை முதல் எல்லோரும் எழுதிவைத்த எண்ணையே பயன்படுத்த வேண்டும். முடிந்த வேலையிலிருந்து மறுபடி எடுத்து, அதிலிருந்து இன்னொருவர் எடுத்து என்று போனால், ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஓரிரு எண்கள் நகர்ந்து, சில மாதத்தில் கடையில் நான்கு பச்சைகள் உலவும்.

இதற்கு ஒரு சிறு பேலட் கோப்பு போதும். கீழே உள்ளதை `.gpl` என்ற பின்னொட்டோடு சேமித்து, கிம்பின் `palettes` ஃபோல்டரிலும் இங்க்ஸ்கேப்பின் `palettes` ஃபோல்டரிலும் போட்டுவிடுங்கள். இரண்டு மென்பொருள்களும் இதே கோப்பைப் படிக்கும்.

```
GIMP Palette
Name: தேயிலை லோகோ
#
 27  94  58  பச்சை
224 165  38  பொன்
122  46  29  மசாலா அரக்கு
```

இங்க்ஸ்கேப் வரைபடத்துக்குள்ளேயே நிறத்தை `Swatch` ஆக வைத்தால் இன்னும் பாதுகாப்பு. ஸ்வாட்சை ஒருமுறை மாற்றினால் அதைப் பயன்படுத்தும் எல்லா வடிவங்களும் சேர்ந்து மாறும். இல்லஸ்ட்ரேட்டரில் ஸ்வாட்ச் அமைப்பிலுள்ள `Global` என்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது.

மாற்றிய லோகோ சரியான நிறத்தில்தான் இருக்கிறது என்று எப்படி உறுதிசெய்வது? கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது.

கண்ணை நம்ப வேண்டாம். ஒன்றிரண்டு எண் வேறுபாட்டை எந்தக் கண்ணும் பிடிக்காது. ஏற்றுமதி செய்த பிஎன்ஜியை மூடிவிட்டு, புதிதாகக் கிம்பில் திறவுங்கள். அதன்மேல் ஒரு புதிய லேயர் சேர்த்து, `#7A2E1D` நிறத்தால் முழுவதும் நிரப்பி, லேயரின் `Mode` என்பதை `Difference` ஆக மாற்றுங்கள். இரண்டு நிறங்களும் ஒன்றேயாக இருக்கும் இடம் எங்கும் முழுக் கறுப்பாகிவிடும். அங்கே ஐட்ராப்பரை வைத்தால் `#000000` வர வேண்டும். `#010001` வந்தால்கூட எங்கோ ஓர் எண் நகர்ந்திருக்கிறது.

நகர்ந்தது எந்த வடிவத்தில் என்பதைக் காண, `Layer > New from Visible` மூலம் ஒரு லேயரை எடுத்து, `Colors > Levels` இல் உள்ளீட்டின் வலப்பக்க எண்ணை 255-லிருந்து 10-க்கு இறக்குங்கள். ஓர் எண் வேறுபாடும் 25 மடங்கு பெருகிக் கண்ணுக்குத் தெரியும் சாம்பலாக எழும். இலை முழுவதும் கறுப்பாக இருந்து மொட்டு மட்டும் சாம்பலாகத் தெரிந்தால், மொட்டுக்கு வேறு குறியீடு போயிருக்கிறது. அரக்கு வடிவங்கள் எல்லாமே ஒரே அளவு சாம்பலாக இருந்தால் புரொஃபைல் மாறியிருக்கும். திட்டுத்திட்டாக இருந்தால் நடுவில் யாரோ ஜேபெக்காகச் சேமித்திருக்கிறார்கள்.

இந்தக் குறியீட்டையே அச்சகத்துக்குக் கொடுத்தால் போதுமா?

திரைக்கான குறியீடு அச்சுக்குப் போகும்போது நான்கு மைகளின் அளவாக மாற்றப்படுகிறது. அந்த மாற்றம் அச்சகம் பயன்படுத்தும் புரொஃபைலையும் தாளையும் பொறுத்தது. ஆகவே அச்சகம் ஒருமுறை தீர்மானித்த நான்கு மை அளவுகளைக் கேட்டு வாங்கி, பேலட் கோப்போடு சேர்த்து எழுதிவையுங்கள். துணிப்பையில் ஸ்கிரீன் பிரின்டிங் என்றால் மையைக் கலந்தே ஊற்றுவார்கள். அங்கே பேன்டோன் நிற அட்டையின் எண்ணோ, உரிமையாளர் ஒப்புக்கொண்ட அச்சு மாதிரியோதான் செல்லும். பேன்டோன் எண்ணை ஐட்ராப்பர் தராது. நிற அட்டையை மாதிரியின் பக்கத்தில், பகல் வெளிச்சத்தில் வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.